சாயங்காலத்து வயிறு

பெங்களூர் மல்லேஸ்வரத்தில் ஒரு பட்டுப் புடவைக் கடையில் தாரணிக்கு வேலை. வாடிக்கையாளர்கள் கேட்கும் புடவையைத் தன் மேலேயே சார்த்தி, முந்தானையை விசிறிக் காட்டுவாள். காலையில் கடை திறக்கும்போது அவள் இடுப்பில் கொசுவம் கத்தி மாதிரி நிற்கும். மதியம் தாண்டினால் பாவாடை நாடா சதையில் பதியத் தொடங்கும். விளக்கு போடும் நேரத்துக்கு வயிறு முன்னால் தள்ளி, தோல் விண்ணென்று இழுபட்டு, ஆறுமாதக் கர்ப்பிணி போல நிற்பாள். மறுநாள் விடிந்து எழுந்தால் வயிறு பழையபடி தட்டையாக இருக்கும். ஒன்றரை வருஷமாக இதே கதைதான்.

சீரகத் தண்ணீர், ஓமத் தண்ணீர், மெடிக்கல் கடை மாத்திரை எல்லாம் ஆயிற்று. பருப்பை நிறுத்தினாள், பாலை நிறுத்தினாள். கடைசியில் மத்தியானச் சோற்றையே நிறுத்தினாள். காலியாகக் கிடந்த வயிறும் வீங்கியதுதான் அவளைப் பயமுறுத்தியது. திருப்பத்தூரில் அவள் அத்தை அன்னம்மாளுக்கு வயிறு உப்பிக்கொண்டே வந்தது. வாயு என்று சொல்லிக்கொண்டிருந்தார்கள். சினைப்பையில் கட்டி என்று தெரிந்தபோது காலம் கடந்துவிட்டது.

ஒரு சாயங்காலம் ஸ்ரீலக்ஷ்மி என்கிற அம்மாள் மருமகளின் சீமந்தத்துக்குப் புடவை எடுக்க வந்தாள். தாரணியின் வயிற்றைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "உனக்கு எத்தனையாவது மாசம்மா?" என்றாள்.

இல்லை என்று சொன்னால் கேட்டவர்கள் முகம் சுருங்கும்; பிறகு ஒரு நெடிய மன்னிப்பு. அதைக் கேட்டுக் கேட்டுத் தாரணிக்கு அலுத்துப்போயிருந்தது. "அஞ்சுங்க" என்று சொல்லிவிட்டாள். அந்த அம்மாள் பையிலிருந்து மல்லிகைச் சரத்தை எடுத்து, அங்கேயே அவள் தலையில் சூட்டிவிட்டுப் போனாள்.

மறுநாள் கடை திறந்த சூட்டிலேயே ஸ்ரீலக்ஷ்மி திரும்பி வந்தாள். மருமகளுக்கு வேறு நிறக் கரை வேண்டுமாம். எதிரே நின்ற தாரணியின் தட்டையான வயிற்றைப் பார்த்தவள் அப்படியே நின்றுவிட்டாள். பிறகு ஓடி வந்து அவள் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள்.

"அய்யோ, என் கண்ணே! என்ன ஆச்சு? கலைஞ்சுடுத்தா? இந்த நிலைமையில வீட்ல படுத்துக்காம இங்க வந்து நிக்கறியே!"

அந்தக் கண்களில் நிஜமாகவே நீர் கோத்துக்கொண்டதைப் பார்த்ததும் தாரணிக்குத் தாங்கவில்லை. துணி மாற்றும் அறைக்குள் அழைத்துப்போய் எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். பொய் சொன்னதைச் சொன்னாள். அத்தையின் சாவையும் சொன்னாள்.

ஸ்ரீலக்ஷ்மி கோபப்படவில்லை. தாரணியின் கண்ணைத் துடைத்துவிட்டாள். "டாக்டர் கிட்டப் போகலையா?"

"போனேங்க. ரெண்டு பேருகிட்ட. அழுத்திப் பாத்துட்டு ஒண்ணுமில்லன்னாங்க."

"எப்போ போனே?"

"காலைலதாங்க. அப்பதான் கடைல பர்மிஷன் குடுப்பாங்க."

"அப்படின்னா அவா பாத்தது வேற வயிறு. இந்த வயித்தை இன்னும் ஒரு டாக்டரும் பாக்கலை."

அந்த வாரமே ஒரு நாள் மாலை, கடையில் கெஞ்சிப் பர்மிஷன் வாங்கி, கடை உடுப்பைக்கூட மாற்றாமல், தாரணி தனியாகவே ஆட்டோ பிடித்து ஒரு ஆஸ்பத்திரிக்குப் போனாள். குடல் மருத்துவர் பாகீரதிக்கு அவள் வயதுதான் இருக்கும். பெங்களூரிலேயே பிறந்து வளர்ந்த தமிழ்ப் பெண். கேள்விகளைக் கேட்டுக்கொண்டே போனார். எடை குறைந்ததா, மலத்தில் ரத்தம் உண்டா, மாதவிலக்கு சரியாக வருகிறதா, முக்கிப் போக வேண்டியிருக்கிறதா. அத்தையின் விஷயம் வந்ததும் பேனாவைக் கீழே வைத்தார்.

"அந்தப் பயத்தோடவா இவ்வளவு நாள் நின்னுக்கிட்டே வேலை செஞ்சீங்க? முதல்ல அதைத் தீர்த்துடலாம்."

ரத்தப் பரிசோதனை நடந்தது. வயிறு உப்பியிருந்த அந்த வேளையிலேயே சி.டி. ஸ்கேனும் எடுத்தார்கள். முன்பு ஒரு விடியற்காலையில் சிறுநீரகக் கல் வலிக்காக எடுத்த ஸ்கேன் ஒன்று இருப்பது தாரணிக்கு நினைவு வந்தது. அதையும் கொண்டுவரச் சொன்னார் பாகீரதி.

முடிவு வந்த மாலையில் இரண்டு படங்களையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் வைத்தார்.

"கட்டி இல்லை. நீர் கோத்துக்கலை. சினைப்பை ரெண்டும் நல்லா இருக்கு."

தாரணி மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். மூச்சு வந்தது. வந்த மூச்சோடு சந்தேகமும் வந்தது. "அப்ப இவ்வளவு காத்து எங்கருந்துங்க டாக்டர் வருது?"

"நானும் அதைத்தான் பாத்தேன். குடல்ல கறுப்பாத் தெரியறது வாயு. காலைப் படத்துக்கும் சாயங்காலப் படத்துக்கும் அதுல பெரிய வித்தியாசம் இல்லை. இப்ப இந்த வளைவைப் பாருங்க."

நெஞ்சுக்கும் வயிற்றுக்கும் நடுவே ஒரு குடை விரிந்திருந்தது. காலைப் படத்தில் அது விலாவுக்குள் உயர்ந்து கவிந்திருந்தது. மாலைப் படத்தில் கீழே இறங்கித் தட்டையாகியிருந்தது.

"உதரவிதானம்னு ஸ்கூல்ல படிச்சிருப்பீங்க. மூச்சு விடற தசை. சாப்பிட்டது புளிச்சு, பகல்ல எல்லாருக்கும் கொஞ்சம் வாயு சேரும். அப்ப இது மேலே ஏறி இடம் குடுக்கும், முன்பக்கத் தசை இறுகிப் பிடிச்சுக்கும். அதனால வெளியே தெரியாது. உங்களுக்குத் தலைகீழா நடக்குது. இது இறங்கி அழுத்துது, முன்பக்கம் தளர்ந்து விட்டுக்குடுக்குது. குடல் கொஞ்ச அழுத்தத்தையும்கூட அதிகமா உணருது. ராத்திரி படுத்தா சாப்பாடு இல்லை, வாயு கொஞ்சம் ரத்தத்துல கலந்தும் வெளியேறியும் குறையுது, தசையும் தன் இடத்துக்குத் திரும்பிடுது. விடிஞ்சா தட்டை."

"நான் எதுவுமே செய்யலையே!"

"தெரிஞ்சு செய்யறதில்லை. உடம்பு தானாக் கத்துக்கிட்டது."

தாரணிக்கு ஒன்று உறைத்தது. வயிறு தெரியக்கூடாது என்று கடையில் நாள் முழுக்க நெஞ்சை நிமிர்த்தி, மூச்சை உள்ளே பிடித்துக்கொண்டே நிற்பாள். சொன்னாள். பாகீரதி தலையை ஆட்டினார். "அதுவும் இதை இன்னும் கீழே தள்ளியிருக்கலாம். வாங்க, படுங்க."

அல்ட்ராசவுண்ட் கருவியை விலாவுக்குக் கீழே வைத்தார். திரையில் கல்லீரலின் மேல் ஒரு வெள்ளைக் கோடு மின்னியது. அசைந்தது.

"நெஞ்சைத் தூக்காதீங்க. வாயால மெதுவா மூச்சை விடுங்க. இன்னும்... தொப்புளுக்குக் கீழே லேசா உள்ள இழுங்க."

கோடு ஏறியது. தாரணி திரையை விட்டுக் கண்ணெடுக்கவில்லை. இன்னொரு மூச்சு. இன்னும் ஏறியது. தன் அனுமதியின்றி இத்தனை மாதமாக இறங்கிக்கொண்டிருந்த ஒன்று, தன் சொல்லுக்கு எழுந்து போவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள். உடல் சிலிர்த்தது. பிறந்த கணத்திலிருந்து, தூக்கத்தில்கூட நிற்காமல், அவளைக் கேட்காமலே அசைந்துகொண்டிருக்கும் அந்தத் தசையை இன்றுதான் முதன்முதலாகப் பார்க்கிறாள். கையைக் கொண்டுபோய் வயிற்றில் வைத்தாள். விண்ணென்றிருந்த தோல் உள்ளங்கைக்கடியில் மெல்லத் தளர்ந்து தாழ்ந்தது.

"டாக்டர்... வயிறு இறங்குதுங்க!"

"முழுசாப் போகாது. பழகப் பழகக் குறையும். மத்தியானம் சாப்பிடுங்க, பட்டினி வேண்டாம். வெங்காயம், ராஜ்மா மட்டும் கொஞ்ச நாள் குறைச்சுப் பாப்போம்."

அப்படித்தான் ஆயிற்று. சாப்பாட்டுக்குப் பிறகு கிடங்கு அறையில் உட்கார்ந்து தாரணி மூச்சைப் பழகினாள். சில நாள் வயிறு கேட்டது, சில நாள் பிடிவாதம் பிடித்தது. மாதம் போகப் போக, விளக்கு போடும் நேரத்திலும் நாடா பதியாத நாட்கள் கூடின. தயிர்சாதத்தை ருசித்துச் சாப்பிட்டாள்.

ஒரு நாள் மாலை வேலை முடிந்து நீலசந்திரா போகும் பஸ்ஸில் நின்றுகொண்டிருந்தாள். நெரிசலில் தோளோடு தோள் ஒட்டிய ஒவ்வொருவரின் மார்பும் எழுந்து தணிந்துகொண்டிருந்தது. கண்டக்டர் கத்திக்கொண்டிருந்தார், ஒரு குழந்தை தாயின் தோளில் வாய் திறந்து தூங்கியது. இத்தனை பேருக்குள்ளும் அந்தக் குடை விரிந்து மடங்கிக்கொண்டிருக்கிறது, ஒருவருக்கும் தெரியாது என்று நினைத்தாள். குழந்தையின் சின்ன வயிறு ஏறி இறங்குவதையே இமைக்காமல் பார்த்துக்கொண்டிருந்ததில், தான் இறங்கவேண்டிய ஸ்டாப் போனதுகூட அவளுக்குத் தெரியவில்லை.