நடுவில் உட்கார்ந்தவர்

பழைய போட்டோ எடுத்துட்டு வர்றவங்களோட கையைத்தான் நான் முதல்ல பாப்பேன். நூத்துக்குத் தொண்ணூறு பேரு, கட்டைவிரலை யாரோ ஒருத்தர் மூஞ்சியில அழுத்திப் பிடிச்சுக்கிட்டுதான் கடைக்குள்ள நுழைவாங்க. 'படத்தின் மேல் விரல் வைக்காதீர்கள்'னு பெருசா எழுதி மாட்டியிருக்கேன். அதைப் படிச்சுட்டு, அதுக்குக் கீழேயே நின்னுக்கிட்டு, "இதுதாங்க எங்க சித்தப்பா"ன்னு விரலை வைப்பாங்க. எனக்கு வாய் சும்மா இருக்காது. வியர்வை பட்டா படம் செத்துப்போகும், உங்க சித்தப்பாவை நீங்களே இன்னொரு தடவை கொல்லணுமான்னு கேட்டுடுவேன்.

மருந்துக்கடையில வேலை பாக்கற அந்தப் பொண்ணும் அப்படித்தான் வந்ததும் வராததுமா வாங்கிக் கட்டிக்கிட்டா. கோவிச்சுக்கல. விரலை எடுத்துட்டு, "மன்னிச்சுக்கங்கக்கா"ன்னா. கண்ணு வீங்கியிருந்துச்சு. எனக்கே ஒரு மாதிரி ஆயிடுச்சு, உக்காரச் சொன்னேன்.

அவளோட அம்மா போன மாசம் தவறிட்டாங்க. அப்பா சரியா சாப்பிடறதில்லையாம். கட்டில்ல உக்காந்து எதிர் செவுத்தையே பாத்துக்கிட்டு இருக்காராம். "அந்தச் செவுத்துல மாட்டத்தான்கா. அவங்க கல்யாணப் படம். வீடு மாத்தும்போது தொலைஞ்சு போச்சுன்னு சொல்லித்தான் எங்களை வளத்தாங்க. நேத்து அம்மாவோட பீரோவை ஒழிச்சேன். புடவைக்கு அடியில, ஒரு வெள்ளைத் துணியில சுத்தி இருந்துச்சு. அப்பாவுக்கு இன்னும் காட்டல. பெருசாக்கி, சட்டம் போட்டு, மாட்டிட்டுத்தான் காட்டணும். அப்பவாவது மனுஷன் ரெண்டு வாய் சாப்பிடுவாருன்னு பாக்கறேன்."

கறுப்பு வெள்ளைப் படம். மணமேடையில வரிசையா உக்காந்திருக்காங்க. நாம பாக்கறதுக்கு இடது பக்கம் அவ அம்மா, கழுத்து நிறைய மாலையோட. வலது பக்கம் அவ அப்பா, அவருக்கும் மாலை. ரெண்டு பேருக்கும் நடுவுல இன்னொருத்தர். அவருக்கு மூஞ்சி இல்ல. மூஞ்சி இருக்க வேண்டிய எடத்துல வெறும் வெள்ளைக் காகிதம் தெரியுது.

"இவர் யாரோ சொந்தக்காரர் போலிருக்கு. ஈரம் பட்டு மூஞ்சியே போயிடுச்சு. இவரை எடுத்துட்டு அம்மாவையும் அப்பாவையும் பக்கத்துல பக்கத்துல கொண்டுவந்துடுங்கக்கா."

கம்ப்யூட்டர்ல இதெல்லாம் பெரிய வித்தையில்ல. சரின்னுட்டேன்.

மத்தியானம் படத்தை ஸ்கேன் பண்ணிப் பெருசாக்கினேன். நடு ஆளை எடுக்கறதுக்கு முன்னாடி அவர் உடம்பு எங்க முடியுது, அடுத்தவங்க எங்க ஆரம்பிக்கறாங்கன்னு ஓரம் பாக்கணும். அப்படிப் பாக்கும்போதுதான் அவரோட வலது கை கண்ணுல பட்டுச்சு. மணிக்கட்டுல கயிறு. காப்புக் கட்டியிருக்கு.

இருக்கட்டும், முதல்ல படம் சரியா இருக்கான்னு பாப்போம்னு நினைச்சேன். சில ஸ்டூடியோக்காரங்க நெகட்டிவைத் திருப்பிப் போட்டுப் பிரிண்ட் எடுத்துடுவாங்க, இடது வலதா மாறிடும். முந்தானையைப் பாத்தேன். அங்க இருந்த பொம்பளைங்க எல்லாருக்கும் இடது தோள்லதான் விழுது. படம் நேராத்தான் இருக்கு.

அப்ப அந்த அம்மாவோட கை. இடது மணிக்கட்டுல அதே மாதிரி காப்பு. மாப்பிள்ளைக்கு வலது கை, பொண்ணுக்கு இடது கை. ஜோடிக் காப்பு. வலது பக்கம் இருந்த அவ அப்பாவோட கையைத் தேடினேன். வாட்ச் இருக்கு, காப்பு இல்ல. மாலைக்கு உள்ள நல்லா இஸ்திரி போட்ட சட்டை. நடுவுல இருக்கறவருக்குச் சட்டை இல்ல, பட்டு வேட்டியும் மேல்துண்டும்தான். மோதிர விரல்ல தர்ப்பையை முடிச்சுப் போட்டிருக்கு. ஹோம குண்டமும் அவர் முன்னாடிதான் இருக்கு, ஐயரும் அவரைப் பாத்துதான் குனிஞ்சிருக்கார்.

படத்தை இன்னும் பெருசாக்கினேன். ஒரு மூலை விடாம பாத்தேன். மணை ஒண்ணுதான், அகலமா போட்டிருக்கு. அதுல அந்த அம்மாவும் நடு ஆளும் உக்காந்திருக்காங்க. அவ அப்பா தனியா ஒரு பாயில, அரை அடி பின்னாடி. பொண்ணு கழுத்துல தாலி இன்னும் ஏறல, தேங்காய் மேல தட்டுலதான் இருக்கு. தாலி ஏறுற வரைக்கும் பொண்ணை மாப்பிள்ளைக்கு வலப்பக்கம்தான் உக்கார வைப்பாங்க. இந்தப் பொண்ணும் நடு ஆளோட வலப்பக்கம், தோளோட தோள் இடிக்கற மாதிரி உக்காந்திருக்கா. ரெண்டு பேருக்கும் பின்னாடி நடுவாப்புல ஒருத்தி விளக்கு பிடிச்சுக்கிட்டு நிக்கறா. அது மாப்பிள்ளையோட அக்காவோ தங்கச்சியோதான் இருக்கணும். தாலியோட மூணாவது முடிச்சு போடப் போறவ அவதான்.

அப்ப அவ அப்பா? மாப்பிள்ளைக்கு இடப்பக்கம் மாலையோட உக்காந்திருக்கறவர் மாப்பிள்ளைத் தோழன்.

அந்தப் பொண்ணுக்கு போன் போட்டு வரச்சொன்னேன். வந்தா. நான் பாத்ததை ஒவ்வொண்ணா காட்டினேன். அவ முகம் சுருங்கிக்கிட்டே போச்சு.

"எங்கப்பா மாலை போட்டிருக்காரேக்கா."

"மாலை போட்டவங்கல்லாம் மாப்பிள்ளையாம்மா? இந்தா பாரு, ஓரத்துல நிக்கற இந்த வயசானவருக்கும் மாலை இருக்கு, பக்கத்துல இருக்கற அம்மாவுக்கும் இருக்கு. பொண்ணைப் பெத்தவங்க, தாரை வாக்கறதுக்காகப் போட்டது. அவங்கதான உன் தாத்தாவும் பாட்டியும்?"

"ஆமா."

"உன் அம்மாவோட மாலையைப் பாரு. நடுவுல இருக்கறவரோட மாலையையும் பாரு. ஒரே கட்டு, ஒரே கனம், கீழ ஒரே மாதிரி குஞ்சம். சோடியா கட்ட வெச்சது. உன் அப்பாவோடது ஒத்தைச் சரம். தோழனுக்குப் போடறது."

"அப்ப எங்கம்மாவுக்கு ஏற்கெனவே கல்யாணம் ஆயிருந்துச்சுங்கறீங்களா?"

நான் திரையில அந்த ஜோடிக் காப்பைக் காட்டினேன். படத்துலதான் எழுதி ஒட்டாத குறையா இருக்கே.

அவளுக்குக் கோவம் வந்துடுச்சு. செத்துப்போனவங்க மேல சேத்தை வாரி இறைக்கறீங்களேன்னா. எனக்கும் சுருக்குனு கோவம் வந்துச்சு, ஆனா அடக்கிக்கிட்டேன். பெத்தவளைப் பறிகொடுத்தவகிட்ட என்ன மல்லுக்கட்டறது. அவளே திரும்பக் கேட்டா:

"ஒருவேளை அம்மாவுக்கு அந்த ஆளைப் பிடிக்காம இருந்திருக்குமோ? அதான் மூஞ்சியைச் சுரண்டிட்டாங்களோ?"

"சுரண்டினா நகக்கீறல் விழும். ஈரம் பட்டிருந்தா சுத்தி ஓரங்கட்டிக் கறை இருக்கும். இங்க ரெண்டும் இல்ல."

"பின்ன?"

"உங்கப்பாவைக் கூட்டிட்டு வா"ன்னேன். அதை என் வாயால சொல்ல எனக்கு மனசு வரல.

கூட்டிட்டுத்தான் வந்தா. நான் சொன்னது தப்புன்னு அவர் ஒரு வார்த்தை சொல்லிடுவாருங்கற நம்பிக்கை அவ நடையிலேயே தெரிஞ்சுச்சு. பெரியவர் லாரி டிரைவரா இருந்தவராம். தோள் அகலமா இருந்துச்சு, சட்டைதான் தொளதொளன்னு தொங்குச்சு. படத்தைக் கையில குடுத்தேன். ஓரத்தைப் பிடிச்சு வாங்கினார். என் கடையில சொல்லாமலே ஓரத்தைப் பிடிச்ச மனுஷன் அவர் ஒருத்தர்தான்.

ரொம்ப நேரம் பாத்தார்.

"அப்பா, நடுவுல இருக்கறது யாரு?"

"என் சிநேகிதன்"னார். "ரெண்டு பேரும் ஒரே வண்டி. நான் பகல்ல ஓட்டினா அவன் ராத்திரி ஓட்டுவான். அவன் கல்யாணத்துல நான்தான் தோழன். அந்த வருஷமே வண்டி கவுந்துடுச்சு. நான் ஓட்ட வேண்டிய முறை அது. எனக்குக் காய்ச்சல்னு அவன் போனான்."

பொண்ணு சேர்ல பொத்துனு உக்காந்துட்டா.

"உங்கம்மா வீட்டுல அவளை ராசி கெட்டவன்னு மூலையில உக்கார வெச்சாங்க. எனக்குத் தாங்கல. நான் கட்டிக்கறேன்னேன். ரிஜிஸ்டர் ஆபீஸ்ல கையெழுத்துப் போட்டோம். மாலை வாங்கலாமான்னு கேட்டேன், உங்கம்மா வேணாம்னுட்டா. அதனால எங்களுக்குப் படமே கிடையாதும்மா. தொலைஞ்சு போச்சுன்னு நாங்க சொன்னது பொய்."

"ஏம்ப்பா எங்ககிட்ட சொல்லல?"

"அவ சொல்லல. அவ சொல்லாததை நான் எப்படிச் சொல்றது?"

அப்புறம் என்னைப் பாத்தார். "இவனை எடுத்துடச் சொன்னாளாமே. இவனை எடுக்காதீங்கம்மா. எடுக்கறதா இருந்தா என்னை எடுத்துடுங்க. அவங்க ரெண்டு பேரும் இருக்கட்டும். அவன் மூஞ்சி எனக்கு நல்லா ஞாபகம் இருக்கு, நான் சொல்லச் சொல்ல நீங்க போட முடியுமா?"

"இல்லாத மூஞ்சியை என்னால கொண்டுவர முடியாதுங்கய்யா. நான் போட்டா அது வேற யாராவதாத்தான் இருக்கும்."

தலையை ஆட்டினார். "ஈரம் பட்டுப் போச்சுன்னா சொன்னா இவ?"

"ஆமாங்க."

"ஈரமில்லம்மா." வெளிச்சத்துக்குப் படத்தைச் சாய்ச்சுக் காட்டினார். வட்டமா, வழுவழுன்னு, கட்டைவிரல் அளவுக்குத் தேஞ்சு போயிருந்துச்சு. "நான் வண்டிக்குப் போற அன்னைக்கெல்லாம் என் வீட்டுக்காரி இதை எடுத்துப் பாப்பா. எனக்குத் தெரியும்னு அவளுக்குத் தெரியாது. ஒரு தடவை பாதியில திரும்பி வந்தேன். கதவு லேசா திறந்திருந்துச்சு. மடியில படத்தை வெச்சுத் தடவிக்கிட்டு இருந்தா. நான் சத்தம் போடாம மறுபடி வண்டிக்கே போயிட்டேன். எனக்கு ஒரு குறையும் வைக்கலம்மா அவ. நேரத்துக்குச் சோறு, துவைச்ச துணி, காய்ச்சல்னா விடிய விடிய முழிச்சிருப்பா. குறைன்னு வாய் கூசாம சொல்ல எனக்கு ஒண்ணுமில்ல."

நிறுத்தினார். படத்துல தன் மூஞ்சியைப் பாத்தார்.

"ஆனா பாருங்க, இத்தனை வருஷம் ஆச்சு. என் மூஞ்சி மட்டும் நேத்துப் பிரிண்ட் போட்ட மாதிரி இருக்கு."

எனக்குக் கண்ணுல தண்ணி முட்டிக்கிட்டு வந்துச்சு. அவர் அழுதா அழுதுட்டுப் போகட்டும்னு விட்டுட்டேன். மாலையைப் பாத்து, காப்பைப் பாத்து, மணையைப் பாத்து யாரு யாருக்குச் சோடின்னு சொல்லத் தெரிஞ்சவ நான். இதுக்கு என்கிட்ட ஒரு வார்த்தை இல்ல.

அந்தப் பொண்ணு எழுந்து வந்து அப்பா கையிலேர்ந்து படத்தை வாங்கினா. "மூணு பேரும் இருக்கட்டும்கா. ஒண்ணும் மாத்த வேணாம், இப்படியே பெருசாக்கிக் குடுங்க"ன்னா. சொல்லிட்டு, என் போர்டுக்கு நேர் கீழே நின்னுக்கிட்டு, ஓரத்துல ஒத்தைச் சரம் மாலையோட உக்காந்திருந்த அப்பாவோட மூஞ்சி மேல கட்டைவிரலை வெச்சா. வெச்சு மெதுவா தடவினா. திரும்பத் திரும்பத் தடவினா.

நான் ஒண்ணும் சொல்லல.