கரைந்த பொடியும் கரையாத பொடியும்

சாயப்பட்டறைக்காரனிடம் ஒரு பொடியைக் கொடுத்து, ஆராயாமல் குடி என்றால் நடக்கிற காரியமா? வீரபாண்டி பட்டறையில் வேலை பார்க்கும் ஜெயபாண்டி, ஒரு கல்லூரி ஆராய்ச்சிக்காக ஜிம்மில் கொடுத்த பொடியை முதல் நாளே டம்ளரில் கலக்கிப் பார்த்துவிட்டான். அவனுடையது தெளிவாகக் கரைந்தது. கூட்டாளி சின்னானுடையது அடியில் மணலாகத் தங்கியது.

"கரையாத சாயம் துணியில திட்டுத் திட்டா நிக்கும்ல? அதே கதைதான். ஒனக்கு டூப்பு, எனக்குத்தாம்ல கிரியேட்டின்," என்று தீர்ப்பே சொல்லிவிட்டான்.

பாவம், ஆராய்ச்சி செய்த விஜயராணி மேடத்துக்கு இந்தக் கூத்து தெரியாது. ஒரு பொடி தசைக்குப் பலம் தரும் கிரியேட்டின், மற்றது வெறும் மாவுச்சர்க்கரை. யாருக்கு எது என்பது அவருக்கே தெரியாதபடி கல்லூரியில் உறையிட்டு ஒட்டியிருந்தார்கள்.

கிரியேட்டின் என்றால் பலம் கூடும், வயிறு ஊதும் என்பது ஜிம்மில் எல்லாருக்கும் மனப்பாடம். ஜெயபாண்டிக்கு இரண்டும் நடந்தது. வயிறு கல்லாக இருக்கிறது என்று புலம்பிக்கொண்டே, அதுவரை அசையாத நூற்றெழுபது கிலோவைத் தரையிலிருந்து தூக்கினான். ஞாயிற்றுக்கிழமை மாவட்டத் தேர்விலும் அதைத் தூக்கிவிட்டால் மாநிலப் போட்டிக்குப் போகலாம். அந்த ஆசைக்காகத்தான் பட்டறையிலிருந்து சீக்கிரமே கிளம்பி, சூப்பர்வைசரிடம் தினமும் திட்டு வாங்கினான். சின்னானோ, டூப்பைக் குடித்துவிட்டு மல்லுக்கட்டுவானேன் என்று பாதியிலேயே கம்பியைப் போட்டுவிடுவான்.

சோதனை முடிந்த வெள்ளிக்கிழமை, மேடம் உறையைப் பிரித்தார்.

"சின்னான், நீங்க குடிச்சதுதானுங்க கிரியேட்டின். ஜெயபாண்டி குடிச்சது சர்க்கரை."

"அப்ப என் வயிறு ஊதுனது பொய்யா?"

"பொய்யில்லீங்க. ஊதும்னு நெனச்சு வயித்தையே கவனிச்சுட்டு இருந்தா அப்படித்தான் தோணும். சின்னானுக்கு நெசமாவே எடை கூடியிருக்குது, ஆனா ஊதவே இல்லைன்னு எழுதியிருக்காரு." டம்ளர் சங்கதியைக் கேட்டதும் மேடம் தலையில் கைவைத்தார். "போச்சு! சர்க்கரைதானுங்க நல்லாக் கரையும், கிரியேட்டின் அடியில தங்கும். அடுத்த தடவை ரெண்டையும் நானே ஜூஸ்ல கலக்கித்தான் தருவேன்."

சின்னான் துள்ளிப் போய், இத்தனை நாள் பாதியில் விட்ட எடையை ஒரே மூச்சில் தூக்கினான். ஜெயபாண்டி நூற்றெழுபதைப் பிடித்தான். கம்பி அசையவே இல்லை. முந்தாநாள் தூக்கிய அதே கம்பி!

"எம்பட பொடி மிச்சம் இருக்குதுங்ண்ணா, எடுத்துக்கங்க," என்றான் சின்னான்.

"ஒரு டம்ளர் குடிச்சா ஒடனே பலம் வந்துடாதுங்க," என்றார் மேடம்.

ஜெயபாண்டிக்குச் சுள்ளென்று கோபம் வந்தது. "எனக்கு ஒரு மண்ணும் வேணாம். முந்தாநா சீனியா வந்து தூக்குச்சு? இந்தக் கைதானல தூக்குச்சு!"

ஞாயிற்றுக்கிழமை மேடையேறினான். முதல் முறை கம்பி முழங்கால் வரை வந்து நின்றுவிட்டது. இரண்டாம் முறையும் அதே இடம்தான். மூன்றாவதற்குப் பல்லைக் கடித்துக்கொண்டு இழுத்தான். முழங்காலைத் தாண்டியது. நிமிர்ந்தே விட்டான். தூக்கியது செல்லும் என்று நடுவர்கள் மூன்று பேரும் வெள்ளை விளக்கைப் போட்டார்கள்.

சின்னான் ஓடி வந்தான். "அண்ணா, என்னத்தைக் குடிச்சீங்க?"

"பச்சத்தண்ணிடா," என்ற ஜெயபாண்டி அவனைக் கட்டிக்கொண்டு அழுதுவிட்டான்.