கட்டிக் காப்பி

வட்டக்கோட்டைக்குப் போகும் சாலையில் செல்லக்கனியின் காப்பிக்கடைக்கு ஒரு மாதமாக நல்ல பெயர். டம்ளரில் ஊற்றினால் கறுப்பும் சிவப்புமாக நிறம் பிடித்து நிற்கும். குடித்து முடித்த பிறகும் நாக்கின் அடியில் ஒரு கசப்பு தங்கும். "இப்பதான் காப்பி காப்பியா இருக்கு" என்று வண்டிக்காரர்கள் சொன்னார்கள். அவளும் அதைக் கர்த்தர் கொடுத்த சிறு ஆசீர்வாதம் என்றே எடுத்துக்கொண்டாள்.

காப்பிக்கொட்டை விலை ஏறிப் போனதில் அவளுக்கு வேறு வழி தெரியவில்லை. டம்ளருக்கு விலையைக் கூட்டினால் ராத்திரி முழுக்க வண்டி ஓட்டி வருகிறவர்கள் என்ன செய்வார்கள் என்று யோசித்தாள். அஞ்சுகிராமத்தில் காப்பி வறுத்து அரைத்துக் கொடுக்கும் ஸ்மைலின் என்ற பெண்ணிடம், "விலை கொறஞ்சதா, கட்டியா நிக்கியதா ஒண்ணு தா மக்கா" என்று கேட்டு வாங்கினாள். கெட்ட எண்ணம் எதுவும் அதில் இல்லை.

அன்று மத்தியானம் முத்துநாயகம் வந்தபோது அவன் கண்கள் சிவந்திருந்தன. நாகர்கோவிலில் ஒரு டிராவல்ஸில் வேன் ஓட்டுகிறான். முந்தின ராத்திரி மதுரையில் ஒரு குடும்பத்தை ஏற்றி, விடியும் முன் கன்னியாகுமரியில் சூரியோதயம் காட்டி, இப்போது கோட்டையைப் பார்க்க இறக்கிவிட்டிருக்கிறான். அவர்கள் திரும்பியதும் மறுபடி மதுரைக்கு ஓட்ட வேண்டும்.

"அக்கா, ரெண்டு காப்பி."

"யாருக்காக்கும் இன்னொண்ணு?"

"ரெண்டும் எனக்குத்தான். போன வாரமும் ரெண்டு குடிச்சிட்டுத்தான் போனேன். வள்ளியூர் தாண்டினதும் கண்ணு சொருகிட்டு. டயரு ரோட்டு நடுச்சுவரை உரசின சத்தத்துலதான் முழிச்சேன். நல்லவேளை, வண்டியில ஆளு இல்ல."

"ஏலே, என்ன பேசுக நீ?"

"வயசாயிட்டுக்கா. முன்னெல்லாம் ஒங்க காப்பி ஒண்ணு குடிச்சா கோயில்பட்டி வரைக்கும் கொட்டாவி வராது."

செல்லக்கனி வடிகட்டியைச் சாய்த்து இன்னும் கொஞ்சம் டிகாஷன் விட்டாள். "இந்தா, நல்லா கடுப்பமா போட்டிருக்கேன். பொணமும் எழும்பும்."

அவன் சிரித்தபடி இரண்டையும் குடித்துவிட்டு, வேன் நிழலில் போய்ச் சாய்ந்து நின்றான். நின்றபடியே அவன் தலை ஒருமுறை முன்னால் விழுந்து நிமிர்ந்தது. அதைப் பார்த்த செல்லக்கனி துடைத்த டம்ளரையே மறுபடி துடைத்தாள்.

அந்த நேரம் ஸ்மைலின் ஸ்கூட்டரில் பொடிப் பொட்டலங்களோடு வந்தாள். வாடிக்கையாளரிடம் வாயாடாமல் போகிற பழக்கம் அவளுக்கு இல்லை.

"என்னக்கா, மொகம் வாடிக் கெடக்கு? யாவாரம் இல்லியா?"

"யாவாரத்துக்கு என்ன. அந்தப் பயல பாரு. ரெண்டு காப்பி குடிச்சும் ஒறங்கி விழுகான். எவ்வளவு கடுப்பமா போட்டேன் தெரியுமா?"

"கடுப்பமாவா? இந்தப் பொடியிலயா?" ஸ்மைலின் சிரித்தாள். "முன்ன வாங்கினது எம்பது காப்பி, இருபது சிக்கரி. இது அம்பத்தஞ்சுக்கு நாப்பத்தஞ்சு. பாக்கெட்டுலயே போட்டிருக்கே, வாசிக்கல்லியா?"

"நீ சொல்லுகது ஒண்ணும் வெளங்கல்ல. கறுப்பா, கசப்பா இருக்கே?"

"அது சிக்கரிக்க வேலை. சிக்கரின்னா ஒரு செடிக்க வேரு. அத வறுத்துப் பொடிக்கியது. காப்பித்தூள விட அது தண்ணியில நெறைய கரையும். அதான் நெறமும் கட்டியும். காப்பிப்பொடி விலையில பாதிகூட வராது, அதான் ஒங்களுக்கு விலை கொறஞ்சுது. ஆனா ஒறக்கத்த வெரட்டுகது காஃபின்லா? அது காப்பிக்கொட்டையிலதான் உண்டு. சிக்கரியில ஒரு பொட்டு கெடையாது."

பொடி கட்டியாக நிற்கிறது என்று, மூன்று கரண்டி போட்ட இடத்தில் செல்லக்கனி இரண்டுதான் போட்டு வந்தாள். அதைச் சொன்னாள்.

ஸ்மைலினின் சிரிப்பு நின்றது. "அப்ப பழைய காப்பியில இருந்ததுல பாதிகூட இதுல இல்லக்கா."

கோட்டைப் பக்கமிருந்து அந்தக் குடும்பம் வந்துகொண்டிருந்தது. கண்ணாடி போட்ட ஒரு பெரியம்மா முன்னால் வேகமாக நடந்தாள். பின்னால் மகனும் மருமகளும், தோளில் தூங்கும் குழந்தையுமாக. முத்துநாயகம் கதவைத் திறந்துவிட்டான்.

செல்லக்கனி அடுப்பைப் பார்த்தாள். கடையில் நான்கு பேர் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். இவர்கள் முன்னால் சொன்னால் ஒரு மாதத்துப் பெயர் இன்றோடு போகும். சொல்லாமல் விட்டால்? போன வாரம் வண்டியில் ஆள் இல்லை. இன்று இருக்கிறார்கள். 'ஆண்டவரே' என்று மட்டும் மனதுக்குள் சொல்லிக்கொண்டு சாலையில் இறங்கினாள்.

"மக்கா, வண்டிய எடுக்காத. நீ குடிச்ச காப்பியில பாதி சிக்கரி. நெறத்துல என்னையும் ஏமாத்திட்டு, ஒன்னையும் ஏமாத்திட்டு. ஒனக்கு வயசாகல்ல. காப்பியில சத்து இல்ல. செத்த நேரம் படுத்து எழும்பிட்டுப் போ."

கடையில் பேச்சு நின்றது. ஒருவர் தன் டம்ளரைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தார். "அதுக்கா பைசா வாங்கின?" என்று கேட்டார்.

"ஒங்க பைசாவ தாறேன் அண்ணாச்சி. கொஞ்சம் பொறுங்க."

கண்ணாடி அம்மா கைக்கடிகாரத்தைத் தட்டினாள். "என்னம்மா இது? ராத்திரி ரயிலுக்கு முன்னாடி மீனாட்சியம்மனைப் பார்க்கணும். இப்ப கிளம்பினாத்தான் நடை சாத்தறதுக்குள்ள போக முடியும். டிரைவர், உனக்குத் தூக்கம் வருதா?"

"இல்லம்மா, ஓட்டிருவேன்," என்றான் முத்துநாயகம். சொல்லும்போதே கொட்டாவி வந்தது. வாயைப் பொத்தினான்.

"போன வாரம் வள்ளியூர்ல நடந்தத நீ சொல்லுகியா, நான் சொல்லட்டா?"

அவன் தலைகுனிந்தபடி அதைச் சொன்னான். மருமகள் குழந்தையை இறுக்கிப் பிடித்தாள். பெரியம்மாவின் முகம் மாறவில்லை. கோயில் இருக்கும் திசை தெரிந்தவள் போல வடக்கே ஒருமுறை பார்த்தாள். பிறகு வேனின் படியில் உட்கார்ந்துவிட்டாள்.

செல்லக்கனி கடைக்குப் பின்னால் தென்னை நிழலில் பாயை விரித்தாள். அவன் படுத்தவுடன் தூங்கிப் போனான். அவளுக்குத்தான் இருப்புக் கொள்ளவில்லை. காசு கேட்டவரிடம் காசைக் கொடுத்தாள். இரண்டு பேர் வேண்டாம் என்று கையசைத்துவிட்டுப் போனார்கள். வேனுக்குத் தண்ணீர் கொண்டு போனாள், குழந்தைக்குப் பால் ஆற்றிக் கொடுத்தாள். திரும்பி வந்து அவன் மூச்சுவிடுவதைப் பார்த்தாள். ஸ்மைலின் போய் பழைய எண்பது இருபது பொடியில் ஒரு பொட்டலம் எடுத்து வந்தாள்.

"இதுக்கு டம்ளருக்கு மூணு ரூபா கூட்டணும்க்கா."

"கூட்டுகேன். கூட்டினதுக்குக் காரணமும் சொல்லுகேன்."

வெயில் சாய்ந்தபின் முத்துநாயகம் தானாகவே எழுந்தான். முகம் கழுவி வந்தவனிடம் புதுக் காப்பியைக் கொடுத்தாள். நிறம் வெளிறியிருந்தது. வாசனை மட்டும் கடைக்கு வெளியேயும் போயிற்று. ஒரு வாய் குடித்துவிட்டு அவளைப் பார்த்தான்.

"என்னக்கா, தண்ணியா இருக்கு?"

"குடி. இத நம்பியும் ஓட்டாத, கேட்டியா. கண்ணு சொருகினா ஓரங்கட்டிரு."

கண்ணாடி அம்மாவும் ஒரு காப்பி கேட்டு வாங்கி, நின்றபடி குடித்தாள். நல்லது கெட்டது ஒன்றும் சொல்லவில்லை. வேனில் ஏறும்போது மகன் அவளுக்காகப் பின்சீட்டில் தலையணை போட்டான். அதை எடுத்து மருமகளிடம் கொடுத்தாள்.

"நீங்க படுங்க. கோயில் எங்கேயும் போயிடாது, ரயிலைப் பிடிச்சாப் போதும். நான் முன்னாடி உக்காந்து இவர்கிட்ட பேசிட்டே வர்றேன்" என்று சொல்லிவிட்டு, முன்கதவைத் திறந்து ஏறினாள். "தம்பி, உனக்கு எத்தனை பிள்ளைங்க?"

அவன் சொன்ன பதில் இன்ஜின் சத்தத்தில் செல்லக்கனிக்குக் கேட்கவில்லை. வேன் சாலையில் ஏறித் திரும்பும் வரை இரண்டு பேரும் பேசிக்கொண்டிருந்தது தெரிந்தது.