இரண்டு பேர் எழுத வேண்டிய பதிவு

முதுகுளத்தூர் பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே, மாடியில் இருந்தது அகமது கபீரின் பிரவுசிங் சென்டர். செவ்வந்தி படியேறி உள்ளே வந்ததும் கபீர் அவளை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"மெயில் பாக்க வந்தியாம்மா? அது இருக்கட்டும். முதல்ல அவரோட வலைப்பூவைப் பாரு."

"பதில் போட்டுருக்காராண்ணே?"

"போட்டுருக்காரு. ஆனா உனக்கு இல்ல."

மூன்றாம் நம்பர் கணினியில் உட்கார்ந்தாள். வீரபத்திரனின் வலைப்பூ திறக்க நேரமெடுத்தது. முதலில் தலைப்பு வந்தது: 'ஓர் இணைய மனு'. அதன் கீழே அவள் எழுதிய மின்னஞ்சல், முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை.

அனுப்புநர் என்று போட்டு அவள் பெயர், அப்பா பெயர், உடைகுளம் கிராமம், முதுகுளத்தூர் வட்டம். பெறுநர். பொருள்: கூட்டாக ஒரு பதிவு எழுத இசைவு வேண்டி. ஐயா, வணக்கம்.

பள்ளியிலும் கல்லூரியிலும் அவளுக்குச் சொல்லிக்கொடுத்த கடிதம் அது ஒன்றுதான். மின்விளக்கு கேட்டாலும் மாற்றுச் சான்றிதழ் கேட்டாலும் அப்படித்தான் எழுத வேண்டும். மின்னஞ்சலுக்கு வேறு மரியாதை உண்டென்று அவளிடம் யாரும் சொன்னதில்லை.

வீரபத்திரன் மேலே இரண்டு வரி சேர்த்திருந்தார். 'நம் மண்ணில் இன்னும் இப்படியும் எழுதுகிறார்கள் நண்பர்களே. என்ன அழகு!'

கீழே பின்னூட்டங்கள் நாற்பதைத் தாண்டியிருந்தன.

'தாசில்தார் முத்திரை எங்கே?'

'மனுவோடு சாதிச் சான்றிதழ் நகல் இணைக்கவும்.'

'பத்து ரூபாய் ஸ்டாம்ப் ஒட்டாததால் தள்ளுபடி செய்யப்படுகிறது.'

'தங்கச்சி அடுத்த முறை கிராம நிர்வாக அலுவலர் வழியா வரவும் :)'

எல்லாவற்றையும் படித்தாள். அவள் கேட்டதைப் பற்றி ஒருவரும் ஒரு வார்த்தை எழுதவில்லை. காது சூடாகி, கன்னம் சூடாகி, கண்ணுக்கு வந்துவிட்டது. கபீர் மின்விசிறியை அவள் பக்கம் திருப்பி வைத்துவிட்டு வேறெங்கோ பார்த்தார்.

அவள் கேட்டது இதுதான்.

வீரபத்திரன் நயினார்கோவில் பக்கத்துக்காரர். இப்போது பெங்களூரில் வேலை. சீமைக்கருவேல மரத்தை மாவட்டத்தைவிட்டே ஒழிக்க வேண்டும் என்று ஐந்து பதிவுகள் எழுதியிருந்தார். வலைப்பதிவர்கள் வட்டாரத்தில் அவருக்குப் பெரிய பெயர். தமிழ்ப் பதிவுகளையெல்லாம் சேர்த்துக் காட்டும் திரட்டியில் அவர் எழுதினால் முதல் பக்கத்தில் நிற்கும். வாசகர்கள் ஒன்றுகூடி, பொங்கல் கழிந்ததும் முதுகுளத்தூர்ப் பக்கம் வந்து மரங்களை வேரோடு பிடுங்குவதாக முடிவாகியிருந்தது. முதல் ஊர் உடைகுளம்.

ஐந்தாம் பதிவில் ஒரு வரி இருந்தது. 'இந்த மரத்தை எரித்துக் கரியாக்கி விற்பது உழைக்கச் சோம்பல்பட்டவன் கண்டுபிடித்த தொழில்.'

செவ்வந்தியின் அம்மா இருளம்மாள் கரிமூட்டம் போடுகிறவள். விறகை அடுக்கி, மேலே வைக்கோலும் மண்ணும் பூசி, உள்ளே தீ வைத்து, அது கொழுந்துவிட்டு எரியாமலும் அணைந்துபோகாமலும் நாள் கணக்கில் காவல் இருக்கிற தொழில். ஒரு பக்கம் மண் விரிசல்விட்டுக் காற்றுப் புகுந்தால் எல்லாம் சாம்பல். மழை பொய்த்த வருஷங்களில் உடைகுளத்தில் பாதி வீட்டில் அடுப்பெரிந்தது அதனால்தான். செவ்வந்தி தாவரவியல் படித்ததும் அந்தக் கரியில்தான்.

மரத்தைப் பற்றி அவர் சொன்னதில் பாதி அவளுக்கும் சம்மதமே. கண்மாய்க்குள் அது நிற்கக் கூடாது. ஆனால் காற்றிலிருக்கும் ஈரத்தை உறிஞ்சிவிடும் என்று எழுதியிருந்தாரே, அதற்கு எந்தப் புத்தகத்திலும் அவள் ஆதாரம் பார்த்ததில்லை. சோம்பல் என்றாரே, அது பொய்.

எதிர்த்து எழுத அவளுக்கும் ஒரு வலைப்பூ இருந்தது. அதைப் படிப்பவர்கள் மூன்று பேர், கபீரையும் சேர்த்து. அதனால்தான் வெட்கத்தை விட்டு அவரிடமே கேட்டாள். ஒரே பதிவு, இரண்டு பாதி. ஒரு பாதியில் அவர் தரப்பு, மறுபாதியில் அவள் தரப்பு. ஒருவர் எழுதியதை மற்றவர் திருத்தக் கூடாது. இருவர் பெயரும் மேலே வரவேண்டும். இரண்டு வலைப்பூவிலும் ஒரே நாளில் வெளியிடலாம். நேரமில்லை என்றால் ஒரு வரி எழுதினால் போதும், வருத்தப்பட மாட்டேன்.

அந்த ஒரு வரி வரவில்லை.

அவள் வீடு போய்ச் சேருமுன்பே விஷயம் போய்ச் சேர்ந்திருந்தது. சிங்கப்பூரில் வெல்டிங் வேலை பார்க்கும் மாமா மகன் சின்னக்கருப்பன் போன் போட்டிருந்தான். அப்பா ராக்கப்பன் வாசலில் நின்றார்.

"ஏத்தா, எம்பேரு, ஊரு, தாலுகா எல்லாம் எழுதிக் குடுத்தியாமே? எவனோ அதப் போட்டு ஊரே சிரிக்குதாம். சிங்கப்பூரு வரைக்கும்."

"அவருக்கு மட்டும் எழுதுனேன்யா. அவரு என்னயக் கேக்காமப் போட்டுட்டாரு."

"அத அழிக்கச் சொல்லு. நீ எழுதுறதயும் நிறுத்து. பொம்பளப் பிள்ள பேரு கண்டவன் வாயில விழுந்தா நாளைக்கு யாரு வந்து பொண்ணு கேப்பான்?"

இருளம்மாள் கொல்லையில் கைகால் கழுவிக்கொண்டிருந்தாள். எத்தனை சோப்புப் போட்டாலும் நகக்கண்ணில் கரி போகாது. அங்கிருந்தே கேட்டாள்.

"கேட்டதுக்கு அந்தாளு என்ன சொன்னான்?"

"ஒண்ணும் சொல்லலம்மா."

"மாட்டேன்னும் சொல்லல?"

"இல்ல."

"அப்பறம் என்னத்துக்கு இங்கன வந்து மூஞ்சியத் தூக்கி வச்சிருக்க? என்னனு கேளு போயி."

"நீ ஏத்தி விடாத," என்றார் ராக்கப்பன்.

"நான் ஏத்தல. அவன் என்னயச் சோம்பேறின்னு எழுதுனானாம்ல? இங்கன வந்து ஒரு ராத்திரி மூட்டத்துப் பக்கத்துல நிக்கச் சொல்லு. மூக்குல பொகை ஏறட்டும், எழுதுவான்."

ராக்கப்பன் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு வெளியே போனார். அவர் சொன்னது சொன்னதுதான் என்று அதற்கு அர்த்தம்.

மறுநாளும் செவ்வந்தி முதுகுளத்தூருக்குப் பஸ் ஏறினாள். அப்பா சொன்ன பேச்சை அவள் மீறியது அதுதான் முதல் தடவை.

"பேசாம அந்த வலைப்பூவ மூடிட்டு வேற பேருல ஆரம்பிம்மா," என்றார் கபீர். "ரோஜா, முல்லைன்னு ஏதாச்சும் வச்சுக்க. யாருன்னு யாருக்குத் தெரியப் போகுது?"

"எம்பேரே பூதானேண்ணே."

கபீர் சிரித்துவிட்டார். அவளுக்குச் சிரிப்பு வரவில்லை. வீரபத்திரனின் பதிவுக்கடியில் பின்னூட்டப் பெட்டியைத் திறந்து, முழுப்பெயரில் எழுதினாள்.

'ஐயா, வணக்கம். நான் தங்களுக்குத் தனியாக எழுதிய மின்னஞ்சலைக் கேட்காமல் வெளியிட்டது சரியல்ல. முகவரியை மட்டும் நீக்கிவிடுங்கள். மற்றது இருக்கட்டும். கேள்வியை வெளியிட்டுவிட்டீர்கள், பதிலையும் வெளியிட வேண்டுகிறேன். சம்மதமா, இல்லையா?'

பின்னூட்டம் உடனே வராது. பதிவர் பார்த்து அனுமதித்தால்தான் வரும். அவள் காத்திருந்தாள். கரண்ட் போனது. வந்தது. முகவரி வரிகள் மட்டும் காணாமல் போயிருந்தன. அவள் பின்னூட்டம் வரவில்லை. அதற்குப் பிறகு எழுதப்பட்ட இரண்டு கிண்டல்கள் வந்திருந்தன.

ஆனால் மின்னஞ்சலில் ஒரு கடிதம் வந்திருந்தது.

'அன்புத் தங்கைக்கு, தவறாக எடுத்துக்கொள்ள வேண்டாம். அன்பினால்தான் வெளியிட்டேன். கூட்டுப் பதிவெல்லாம் சரிப்படாது. வாசகர்கள் குழம்பிவிடுவார்கள். உங்களிடம் இருக்கும் தகவல்களை அனுப்புங்கள். என் அடுத்த பதிவில் பயன்படுத்திக்கொள்கிறேன். கீழே ஒரு கிராமத்துச் சகோதரிக்கு நன்றி என்று போட்டுவிடுகிறேன்.'

கபீர் தோளுக்குப் பின்னால் நின்று படித்தார். "நல்லாத்தானே சொல்லுறாரு? அத்தன பேரு படிப்பாங்க. ஒத்துக்க."

"எம்பேரு இல்லாம என் விஷயம் மட்டும் வேணுமாம்."

"நன்றி போடுறாருல்ல?"

"யாருக்குண்ணே நன்றி? கிராமத்துச் சகோதரி எங்க ஊருல முந்நூறு பேரு இருக்கோம்."

பதில் எழுதினாள். 'தங்கள் கடிதத்துக்கு நன்றி. தகவல் தர இயலாது. பதிவு எழுத இயலும். இன்று என் பாதியை வெளியிடுகிறேன். தங்கள் பாதிக்கு இடம் விட்டிருக்கிறேன். எப்போது அனுப்பினாலும் ஓர் எழுத்தும் மாற்றாமல் சேர்ப்பேன்.'

தன் வலைப்பூவைத் திறந்தாள். தலைப்பு: 'சீமைக்கருவேலம்: இரண்டு தரப்பு'. எழுதியவர்கள் என்று இருவர் பெயரையும் போடப் போனாள். கை நின்றது. அவர் சம்மதிக்காமல் அவர் பெயரைப் போட்டால், அவர் செய்ததைத்தான் அவளும் செய்கிறாள். தன் பெயரை மட்டும் போட்டாள். கீழே முதல் பாதி என்று ஒரு துணைத்தலைப்பு. அதன்கீழ் இரண்டே வரி:

'இந்த இடம் திரு. வீரபத்திரன் அவர்களுக்காக ஒதுக்கப்பட்டது. மனு நிலுவையில் உள்ளது.'

பிறகு வெற்றிடம். என்டர் விசையைத் தட்டித்தட்டி ஒரு திரை அளவுக்கு வெற்றிடம் விட்டாள். அதற்கடியில் தன் பாதியைத் தொடங்கினாள். கண்மாய்க்குள் நிற்பதை வெட்டலாம், நாங்களும் வருகிறோம். மேட்டுக்காட்டில் நிற்பதை வெட்டுமுன் அங்கே வேலை செய்கிறவர்களிடம் ஒரு வார்த்தை கேளுங்கள். வேரோடு பிடுங்கிய பிறகு அவர்கள் எதைத் தின்பார்கள் என்பதையும் அதே பதிவில் எழுதுங்கள். சோம்பல் என்ற சொல்லைத் திரும்பப் பெறுங்கள். என் அம்மா பெயர் இருளம்மாள்.

திரட்டியில் சேர்த்துவிட்டு, கை வியர்வையைத் தாவணியில் துடைத்துக்கொண்டாள்.

அடுத்த முறை கடைக்கு வந்தபோது கபீர் படியிலேயே நின்றிருந்தார். "நம்மளையும் சேத்து மூணு பேருன்னு சொன்னியே! கூட்டம் அள்ளுதும்மா."

வந்தவர்களில் பாதிப்பேர் வெற்றிடத்தைப் பார்க்க வந்தவர்கள். 'முதல் பாதி அருமை, இதைவிடத் தெளிவாக வீரபத்திரன் எழுதியதே இல்லை' என்று ஒருவர். முன்பு ஸ்டாம்ப் கேட்டவரே இப்போது, 'ஐயா, மனுவின் மீது என்ன நடவடிக்கை எடுக்கப்பட்டது?' என்று கேட்டிருந்தார். கேலி பக்கம் மாறியிருந்தது. அதில் அவளுக்குச் சந்தோஷம் இல்லை. கரியைப் பற்றி இன்னும் யாரும் பேசவில்லையே.

மின்னஞ்சலில் வீரபத்திரன் இருந்தார். இந்த முறை தங்கை இல்லை. 'என் பாதியை எழுதித் தருகிறேன். பெயரும் போடலாம். என் பக்கத்திலும் வெளியிடுகிறேன். ஆனால் சோம்பல் பற்றிய வரியை உங்கள் பாதியிலிருந்து எடுத்துவிடுங்கள்.'

'தங்கள் பாதியில் அதற்குப் பதில் எழுதலாம். என் பாதியிலிருந்து எடுக்க முடியாது,' என்று அனுப்பினாள்.

அன்று பதில் இல்லை. மறுநாளும் இல்லை. வீட்டில் அப்பா அவளோடு பேசவில்லை. அவளும் போவதை நிறுத்தவில்லை. பஸ் காசை இருளம்மாள் கேட்காமலே கொடுத்தாள்.

மூன்றாவது நாள் அவர் பாதி வந்தது. நீளமாக, காரமாக. படித்த பெண்ணே இப்படிப் பேசலாமா என்று தொடங்கி, கரிக்காக மண்ணை விற்கிறார்கள் என்று போய், காற்றின் ஈரத்துக்குத் தன்னிடம் ஆதாரம் இல்லை என்று நடுவில் ஒரு வரி ஒப்புக்கொண்டு, சோம்பல் என்றது தவறு, அறியாமை என்றிருக்க வேண்டும் என்று முடிந்தது.

"அறியாமையா! இதுக்குச் சோம்பேறியே தேவலையே," என்றார் கபீர். "உங்கள வஞ்சுதாம்மா எழுதியிருக்கான். இதயுமா போடப் போற?"

"போடணும்ண்ணே. கேட்டது நான்தானே."

ஒட்டினாள். ஒரு புள்ளியும் மாற்றவில்லை. தலைப்புக்கடியில் இரண்டாவது பெயரைச் சேர்த்தாள். வெளியிட்டாள். சற்று நேரத்தில் அவர் வலைப்பூவிலும் அதே பதிவு வந்தது. இரண்டு பாதியும், இரண்டு பெயரும், இருளம்மாள் பெயரும்.

முதல் பின்னூட்டம் அவளைத் திட்டியிருந்தது. மேட்டுக்காட்டில் விட்டுவைத்தால் காயைத் தின்ற ஆட்டின் புழுக்கையிலே விதை போய்க் கண்மாயில் விழாதா, இதுகூடத் தெரியாதா என்று கேட்டிருந்தார் ஒருவர். நியாயமான கேள்வி.

செவ்வந்தி நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டுக்கொண்டு பதில் எழுதத் தொடங்கினாள்.