ஐந்து வினைச்சொற்கள்

"மாணவர்கள் ஆடைத் தரக்கட்டுப்பாட்டைப் புரிந்துகொள்வர்." பத்து வருடமாக அந்தக் கல்லூரிப் பாடத்திட்டத்தில் இந்த வரி சொகுசாக உட்கார்ந்திருந்தது. புரிந்துகொண்டார்களா என்று யார் கண்டது? வரையறை எழுது என்று கேட்டார்கள், பிள்ளைகள் மனப்பாடம் செய்து எழுதினார்கள், எல்லாரும் பாஸ். போன வருடம் பாஸானவர்களில் நான்கு பெண்கள் அருள்புரத்துப் பனியன் கம்பெனியில் சேர்ந்து, ஒரே வாரத்தில் திரும்பி வந்தார்கள். பின்னல் ஊசி பழுதானால் துணியில் விழும் ஊசிக்கோடு எது, தையல் விட்டது எது என்று அவர்களுக்குத் தெரியவில்லையாம்.

அந்த வரியை எழுப்பிவிட்டவள் ஜெயசுதா, அந்தப் பாடத்தின் ஆசிரியை. மூன்று சனிக்கிழமை அதே கம்பெனிக்குப் போய், செக்கிங் டேபிளில் நிற்கும் ராமுத்தாயின் பக்கத்தில் உட்கார்ந்து, அவள் கை செய்வதை எல்லாம் குறித்துக்கொண்டாள். பிறகு ஐந்து வரி எழுதினாள். ஒரு வரிக்கு ஒரு வினை, அதுவும் பார்த்து மார்க் போடக்கூடிய வினை. இருபது பனியன் கொடுத்தால் குறைகளைப் பெரிது, சிறிது என வகைப்படுத்துவர். அளவுப் பட்டியலோடு ஒப்பிட்டு அளப்பர். ஆயிரம் உருப்படி லாட்டில் எண்பதை எடுத்துப் பார்த்து, பெரிய குறை ஐந்துக்குள் இருந்தால் ஏற்பு, ஆறானால் நிராகரிப்பு என்று முடிவு செய்வர். இப்படியே மற்ற இரண்டும்.

எழுதும்போதெல்லாம் துறைத் தலைவி சித்ராதேவி கூடவே இருந்தாள். ஒன்பது வருடப் பழக்கம். ஜெயசுதாவின் பிரசவத்துக்கு ஆஸ்பத்திரியில் இரண்டு நாள் காத்துக் கிடந்தவள் அவள்தான். "குறையைக் கண்டறிந்து காரணத்தை விளக்குவர்" என்றிருந்த வரியைப் பார்த்து, "இதுல ரெண்டு வேலை இருக்குது ஜெயா. ஒண்ணு செஞ்சு ஒண்ணு செய்யலைன்னா எப்படி மார்க் போடுவே?" என்று சரியாகச் சொன்னதும் அவள்தான். ஜெயசுதா அதைப் பிரித்து எழுதினாள்.

இந்த ஐந்தும் பாடத்திட்டத்தில் ஏறினால் வாரத்துக்கு இரண்டு மணி நேரம் செய்முறை வகுப்பு தந்தே ஆக வேண்டும். செய்யச் சொல்லித்தராமல் செய்து காட்டச் சொல்ல முடியாதல்லவா? அந்த இரண்டு மணி நேரத்துக்காகத்தான் ஜெயசுதா ஒரு மாதம் மாடாக உழைத்தாள்.

பாடத்திட்டக் குழு கூடியது. தலைமை சித்ராதேவி. வெளி உறுப்பினர் முருகேஷ், ஒரு பனியன் கம்பெனியின் தர மேலாளர். தாளைப் படித்துவிட்டு நெற்றியைச் சுருக்கினார்.

"ஏனுங்க, அஞ்சு வரியும் புரிந்துகொள்வர், அறிவர், உணர்வர்னே இருக்குதுங்களே. உணர்ந்தாங்கன்னு எதை வெச்சுங்க மார்க் போடுவீங்க?"

ஜெயசுதா தனக்குக் கொடுத்திருந்த தாளைப் பார்த்தாள். அவளுடைய ஐந்து வினைகளில் ஒன்றுகூட இல்லை. அடியில் மட்டும் 'தயாரித்தவர்: ஜெயசுதா' என்று கொட்டை எழுத்தில் இருந்தது.

"ஜெயசுதா மேடம் தயாரிச்சதுங்க," என்றாள் சித்ராதேவி, அவள் பக்கம் திரும்பாமலே. "அவங்களுக்குக் கம்பெனி அனுபவம் இல்லீங்க. அதனால பொதுவா எழுதீட்டாங்க."

நான் எழுதியது இது இல்லை என்று ஜெயசுதா சொல்லத்தான் செய்தாள். வரைவு ரெண்டு மூணு இருந்துச்சுங்க, அடுத்த தடவை பார்த்துக்கலாம் என்று சித்ராதேவி சிரித்துக்கொண்டே மூடிவிட்டாள். முருகேஷுக்குக் கம்பெனியில் கப்பலில் ஏற்ற வேண்டிய சரக்கு காத்திருந்தது, கையெழுத்துப் போட்டுவிட்டுக் கிளம்பினார். அடுத்த பாடத்திட்டம் வரும்வரை, மூன்று வருடத்துக்குப் பாடம் வெறும் தியரி என்று தீர்மானம் ஆயிற்று.

மற்றவர்கள் டீ குடிக்கப் போனதும் சித்ராதேவி நாற்காலியை இழுத்துப் பக்கத்தில் போட்டுக்கொண்டாள். செய்முறைக்கு டேபிளும் லைட்டும் வாங்க நிர்வாகம் ஒத்துக்கொள்ளவில்லையாம். செய்து காட்டச் சொல்லி, பாதிப்பேர் கோட்டை விட்டால், கல்லூரிக்குத் தரம் போடும் ஆய்வுக் குழு வரும்போது எந்த இலக்கை எட்டினீர்கள் என்று துறைத் தலைவியைத்தான் கேட்பார்களாம். புரிந்துகொள்வர் என்று போட்டால் வரையறைக் கேள்வி ஒன்றிலேயே எட்டிவிடலாமாம்.

"சொன்னா நீ சண்டை போடுவே. அதான் நானே மாத்தீட்டேன். நீ புரிஞ்சுக்குவேன்னு நெனச்சேன் ஜெயா."

மாற்றியதைக்கூட ஜெயசுதா தாங்கியிருப்பாள். தெரியாமல் மாற்றியிருந்தால் அறியாமை என்று விட்டிருப்பாள். ஒவ்வொரு வினையும் எதற்கு என்று கூடவே உட்கார்ந்து தெரிந்துகொண்டு, எதைப் பிடுங்கினால் செய்முறை வகுப்பு விழும் என்று பார்த்துப் பிடுங்கி, அந்தப் பழியையும் தன் தலையில் கட்டியதைத்தான் தாங்க முடியவில்லை.

"நான் புரிஞ்சுக்கிட்டேன்னு உங்களுக்கு எப்படிங்கக்கா தெரியும்?" என்றாள். "என்ன செஞ்சா தெரியும்னு சொல்லுங்க. செஞ்சு காட்டறேன்."

ஜெயசுதா பேனாவை எடுத்து, தீர்மானத் தாளில் தயாரித்தவர் என்ற இடத்தில் இருந்த தன் பெயரை அழுத்தி அடித்தாள். பக்கத்தில் தேதி போட்டுச் சுருக்கொப்பமும் இட்டாள்.

"அங்க ஒரு பேரு வேணும் ஜெயா. இல்லாம மேல போகாது."

"மாத்துனவங்க பேரைப் போட்டுக்குங்கக்கா."

பேனாவை அவள் முன்னால் வைத்தாள். சித்ராதேவி அதை எடுக்கவில்லை.