அடித்தல் திருத்தல் இல்லாத அளவு

பலவேசம் சாருக்கு இயற்பியலைவிடத் தன்னுடைய கையெழுத்து மேல்தான் மரியாதை அதிகம். காமயகவுண்டன்பட்டி மேல்நிலைப்பள்ளியில் அவர் எழுதிவைத்த மாதிரி ரெக்கார்டைப் பார்த்துத்தான் பிளஸ் டூ மொத்தமும் எழுதும். வலது பக்கம் நோக்கம், சூத்திரம், செய்முறை, முடிவு. இடது பக்கம் பென்சிலில் படமும் அட்டவணையும். கோடு ஒன்று மயிரிழை சாய்ந்தாலும் நோட்டு திரும்பி வந்துவிடும்.

அப்படித்தான் கயலின் நோட்டும் திரும்பியது. மறுநாள் செய்முறைத் தேர்வுக்குப் போடியிலிருந்து வெளித்தேர்வாளர் வரவிருந்தார். கயலுடையதைத் தவிர எல்லா நோட்டிலும் சார் கையெழுத்துப் போட்டாயிற்று.

"ரெக்கார்டுல அடிச்சுத் திருத்துற பழக்கம் எங்கன வந்துச்சு? மாதிரியைப் பாத்து எழுதும்மா."

"மாதிரியில இருக்க அளவு எனக்கு வரலையே சார்."

"எனக்கு வந்துச்சே."

"மீட்டர் பாலத்துல கம்பிச்சுருளை இடது பக்கம் வச்சா நாப்பது புள்ளி ரெண்டுல சமன் ஆகுது. வலது பக்கம் மாத்துனா அறுபதுகிட்டதானே சார் வரணும்? நீங்க ரெண்டுக்கும் நாப்பது புள்ளி ரெண்டே போட்டிருக்கீக."

சார் சிரித்தார். பிள்ளைக்கு அளக்கத் தெரியவில்லை. அவரே மின்கலத்தை இணைத்தார், மூன்று ஓம் மின்தடையையும் சுருளையும் இடம் மாற்றினார், ஒரு மீட்டர் நீளக் கம்பி மேல் ஜாக்கி என்கிற தொடுமுனையை வைத்து நகர்த்தினார். நாற்பது சென்டிமீட்டரில் கால்வனாமீட்டர் முள் ஒரு பக்கமாக ஒதுங்கி நின்றது. முள் நடுவுக்கு வந்து சமன் ஆன இடம், ஐம்பத்தொன்பது புள்ளி ஆறு.

அப்போதுதான் நினைவு வந்தது. இடம் மாற்றி அளக்கிற இரண்டாம் அட்டவணையை அவர் அளக்கவே இல்லை. முதல் அட்டவணை அவ்வளவு அழகாக அமைந்துவிட, அந்த மயக்கத்தில் அதே எண்களை அப்படியே கீழே இறக்கிவிட்டார்.

"உங்க கணக்குப்படி சுருள் இந்தப் பக்கம் ரெண்டு ஓம், அந்தப் பக்கம் நாலரை ஓம் சார்," என்றாள் கயல். "இடம் மாறுனதும் வளந்துருச்சு போல."

அந்தப் பாவத்தை ஒரு வகுப்பே நகல் எடுத்திருந்தது. கீழே பச்சை மையில் அவர் கையெழுத்து, அதுவும் சுழித்து.

தேர்வாளர் பார்க்காமலே போகலாம். பார்த்துவிட்டு ஒரு பிள்ளையிடம், "ஏன் இடம் மாத்தி அளக்குறோம்?" என்று கேட்டால்? கம்பி முனைகளில் இருக்கும் சின்னப் பிழை சராசரியில் குறையட்டும் என்றுதான். மாற்றாமலே மாற்றியதாக எழுதியவன் என்ன சொல்வான்? மார்க் பிள்ளைகளுடையது, கையெழுத்துதான் தன்னுடையது.

"ஏலே விஷால், உங்க வகுப்புல எல்லாரையும் லேபுக்கு வரச்சொல்லு."

சாயங்காலம் ஆளாளுக்கு அளந்தார்கள். பழைய எண்ணை ஒரே கோட்டில் அடித்து, பக்கத்தில் வந்த அளவை எழுதி, கணக்கை மறுபடி போட்டார்கள். ஒவ்வொரு திருத்தத்திலும் சார் சுருக்கொப்பம் இட்டார். மாதிரி ரெக்கார்டையும் அவரே அடித்தார். பல்லைப் பிடுங்குகிற மாதிரி இருந்தது.

மறுநாள் தேர்வாளர் நோட்டுகளைப் புரட்டினார்.

"உங்க பள்ளிக்கூட ரெக்கார்டு கண்ணாடியா இருக்கும்னு சொன்னாக. எல்லாத்துலயும் ஒரே இடத்துல அடிச்சிருக்கே சார்?"

"ஆமா சார்," என்றார் பலவேசம். "அந்த எடத்தை நாங்க நேத்துதான் படிச்சோம்."

தேர்வாளர் கயலின் நோட்டை எடுத்தார். அவளுடையதில் அந்த இடம் சுத்தமாக இருந்தது; அடித்தல் முதல் அட்டவணையில், அவளே மறுபடி அளந்து திருத்திய ஒரு எண்ணில் இருந்தது.

"இந்தப் பிள்ளை?"

"அது முந்தியே படிச்சிருச்சு சார்."