மற்ற பேங்க்காரர்கள்

டைல்ஸ் கிடங்கில் அவளுக்கு வைத்த பெயர் சம்பளக்கா. கணக்குப் பிரிவில் அவள் பில் போடுவாள், வரி கட்டுவாள், லாரி வாடகை தீர்ப்பாள். அதெல்லாம் யார் கண்ணிலும் பட்டதில்லை. மாசக் கடைசியில் எல்லோருக்கும் சம்பளம் போடுகிறாள் என்பது மட்டும்தான் பட்டது. அதனால் அந்தப் பெயர் ஒட்டிக்கொண்டது. அவளை விட வயதில் மூத்தவர்கள்கூட அப்படித்தான் கூப்பிட்டார்கள். ஒரே ஒரு ஆள் மட்டும் தங்கச்சி என்பார். ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறவர். வண்டியின் முன்னால் இரண்டு இரும்புக் கொம்பு நீட்டிக்கொண்டிருப்பதால் அவருக்குக் கொம்பன் என்று பெயர்.

அந்த வெள்ளிக்கிழமை மாசக் கடைசி. சம்பளப் பட்டியலை மதியச் சாப்பாட்டுக்கு முன்னாலேயே முடித்து வைத்திருந்தாள். பேங்க் இணையப் பக்கத்தில் ஏற்றிவிட்டால், மேனேஜர் தன் போனுக்கு வரும் எண்ணைப் போட்டு ஒப்புதல் கொடுக்க வேண்டும். அவ்வளவுதான் வேலை. கம்பெனி கணக்கு இருக்கிற பேங்கிலேயே கணக்கு வைத்திருப்பவர்களுக்கு எந்த நேரத்தில் போட்டாலும் உடனே போய்விடும். பட்டியலாக மொத்தமாகப் போடும்போது மற்ற பேங்க்காரர்களுக்கு மட்டும் மூன்று மணிக்குள் ஒப்புதல் ஆகியிருக்க வேண்டும். தாண்டினால் அடுத்த வேலை நாள்தான். மறுநாள் நாலாவது சனி, பேங்க் கிடையாது, ஞாயிறும் கிடையாது. இந்தத் தடவை திங்களும் லீவு.

ஏற்றப் போகிற நேரத்தில் வாட்ச்மேன் கணக்குப் பிரிவு ஜன்னலுக்கு வந்தார். தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார்.

"அக்கா, தப்பா நினைக்காதீங்க. எனக்கு ரெண்டு ராத்திரி ஓவர்டைம் விட்டுப்போச்சு போலிருக்கு."

"எந்த ரெண்டு ராத்திரி?"

"மழையில சுவர் இடிஞ்சுதே, அன்னிக்கும் மறுநாளும். மேஸ்திரி எழுதிக்கறேன்னாரு."

மேஸ்திரி எழுதவில்லை. அடுத்த மாசம் சேர்த்துப் போடுகிறேன் என்று சொல்லியிருக்கலாம். சொல்ல வாய் வரவில்லை. அந்த மனிதர் வாயைத் திறந்து எதையும் கேட்டு அவள் பார்த்ததில்லை. மேஸ்திரியைத் தேடிப் பிடித்து, கையெழுத்து வாங்கி, தொகையைத் திருத்தி, மொத்தத்தைச் சரிபார்த்து, பட்டியலை ஏற்றினாள். அப்போதும் நேரம் இருந்தது. ஆனால் மேனேஜர் ஒரு பெரிய வாடிக்கையாளரோடு கதவைச் சாத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். போன் அணைந்திருந்தது. அவள் இரண்டு தடவை கதவைத் தட்டினாள். இரண்டாவது தடவை அவர் முகம் போன போக்கைப் பார்த்துவிட்டு வெளியே வந்து நின்றுகொண்டாள்.

அவர் வெளியே வந்து எண்ணைப் போட்டபோது மணி மூன்று தாண்டியிருந்தது.

திரையில் பாதிப் பேருக்கு நேராகப் பச்சை விழுந்தது. மீதிப் பேருக்கு நேராக 'அடுத்த வேலை நாள்' என்று வந்தது. கிடங்குக்குள் அங்கங்கே போன்கள் சிணுங்குவது அவள் காதுக்குக் கேட்டது. வாட்ச்மேனுக்குக் கம்பெனி பேங்கிலேயே கணக்கு. அவருக்கு அந்த நிமிஷமே போய்விட்டது, இரண்டு ராத்திரியோடு சேர்த்து. அவளுக்கும்தான்.

"சார், மத்த பேங்க் எல்லாம் செவ்வாய்க்கிழமை ஆயிடும்."

மேனேஜர் நெற்றியைத் தேய்த்தார். "கேட்டா பேங்க்ல சர்வர் பிரச்சினைன்னு சொல்லிடுங்க."

"சார், அது..."

"நம்ம மேலதான் தப்புன்னு ஒவ்வொருத்தன்கிட்டயும் போய்ச் சொல்லிட்டிருக்க முடியுமா? சர்வர்னா ஒருத்தனும் மேல கேக்க மாட்டான்."

சாயங்காலம் ஜன்னலுக்கு முன்னால் கூட்டம் கூடியது. பேக்கிங் பிரிவுப் பெண் ஒருத்தி, "ஏன்க்கா, எங்க பேங்க்காரங்களை மட்டும் வீட்டுக்கு அனுப்பப் போறீங்களா? சொல்லிட்டா வேற வேலை பாப்போம்ல," என்றாள். பக்கத்தில் நின்றவன், "உன்னை அனுப்பிட்டா கம்பெனியில சத்தமே இருக்காதே," என்றான். எல்லோரும் சிரித்தார்கள். சம்பளக்காவும் சிரித்துவைத்தாள். சர்வர் பிரச்சினையாம் என்றாள். சர்வரைத் திட்டிக்கொண்டே கலைந்து போனார்கள்.

கொம்பன் கடைசியாக வந்தார். கையுறையைக் கழற்றி இடுப்பில் செருகிக்கொண்டே குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, நிஜமா சர்வர்தானே? எனக்கு வண்டித் தவணை இருக்கு."

அவர் மனைவி ஸ்கூல் வேன் ஓட்டுகிறவள். வேன் கடன் அவர் பெயரில். போன வேலையில் கம்பெனியை இழுத்து மூடியபோது இரண்டு தவணை கணக்கில் பணமில்லாமல் திரும்பிப் போயிருந்தது. இன்னொரு தடவை திரும்பினால் வேனை எடுத்துக்கொள்வோம் என்று கடன் கம்பெனி கடிதமே அனுப்பியிருந்தது. இதெல்லாம் அவளுக்குத் தெரியும். இந்த வேலையில் சேர்ந்ததும் கடன் கம்பெனிக்குக் காட்டச் சம்பளச் சான்றிதழ் எழுதிக் கொடுத்ததே அவள்தான்.

பின்னால் மேனேஜரின் கதவு திறந்திருந்தது.

"ஆமாண்ணா. சரியானதும் வந்துடும்."

"அப்ப ராத்திரியோ, காலையிலயோ வந்துடும்." மூச்சை விட்டார். "உங்க அண்ணி காலையில இருந்து என் உசுரை எடுக்கறா. நீ சொன்னேன்னு சொன்னா அடங்கிடுவா."

அவர் வண்டியை ஓரமாக நிறுத்திவிட்டுப் போவதை அவள் பார்த்துக்கொண்டிருந்தாள். ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை.

சனிக்கிழமை காலை துணி துவைத்துக்கொண்டிருந்தபோது அவள் போனுக்கு ஒரு செய்தி வந்தது. அவள் வாங்கியிருந்த சின்னக் கடனின் தவணை, லீவு காரணமாகச் செவ்வாய் காலையில் எடுக்கப்படும், கணக்கில் பணம் வைத்திருக்கவும். அவளிடம் பணம் இருந்தது. அதனால் போனை மூடி வைத்துவிட்டுத் துணியைப் பிழிந்தாள். பிழிந்துகொண்டே இருந்தவள் கை அப்படியே நின்றது.

செவ்வாய் காலை. கொம்பனுக்கும் அன்றைக்குத்தானே எடுப்பார்கள்? தவணையைப் பேங்க் திறக்கும் முன்னாலேயே எடுத்துவிடுவார்கள். சம்பளம் அவருடைய பேங்குக்குப் போய்ச் சேர மதியம் ஆகும். ஒரே நாள்தான், ஆனால் முதலில் எடுக்க வருகிறவனுக்குக் கணக்கு காலியாக இருக்கும். மதியம் பணம் வந்து என்ன ஆகப் போகிறது?

அவர் மட்டும், சர்வர் சரியாகிவிடும் என்று போனைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார்.

ஈரக் கையைத் துடைத்துக்கொண்டு கிளம்பினாள். சான்றிதழ் எழுதும்போது அவர் சொன்ன தவணைத் தொகையை ஏடிஎம்மில் எடுத்தாள். அவளுடைய சம்பளத்தில் பாதிக்கு மேல் போனது. வீட்டு வாடகைக்கு வைத்திருந்தது.

கொம்பனின் வீடு மெக்கானிக் ஷெட்டுக்குப் பின்னால் முதல் மாடியில் இருந்தது. கீழே மஞ்சள் வேன் நின்றது. கண்ணாடி துடைத்துப் பளபளவென்று இருந்தது. அவர் மனைவி வேனுக்குள் சீட்டுகளுக்கு அடியில் பெருக்கிக்கொண்டிருந்தாள்.

"வாம்மா சம்பளக்கா! உன் சர்வர் செத்துப்போச்சா, உயிரோட இருக்கா?" என்று சிரித்துக்கொண்டே இறங்கினாள். "நேத்து என் தம்பி பணத்தைக் கையிலயே கொண்டு வந்தான். வேணாம், சம்பளம் வந்துடும்னு உங்க அண்ணன் திருப்பி அனுப்பிட்டாரு. ரோஷக்காரரு. அவனும் ராத்திரி வண்டியிலயே வெளியூருக்குப் போயிட்டான்."

சம்பளக்கா மாடிப் படியைப் பார்த்தாள். "அண்ணன் இருக்காரா?"

அவர் படியில் இறங்கி வந்துகொண்டிருந்தார். கையில் போன். முகத்தில் சிரிப்பு. "என்ன தங்கச்சி, வீடு தேடி வந்திருக்கே. உட்காரு. ஏய், டீ போடு."

"டீ வேணாம்ணா. ஒண்ணு சொல்லணும். சர்வர் பிரச்சினை எல்லாம் ஒண்ணுமில்ல."

அவர் சிரிப்பு அப்படியே இருந்தது. இன்னும் புரியவில்லை.

"நாங்கதான் லேட்டாக்கிட்டோம். மத்த பேங்குக்கு மூணு மணிக்குள்ள போயிருக்கணும். பட்டியலை நான் பிடிச்சு வச்சிருந்தேன், ஒரு திருத்தம் இருந்துச்சு. அப்புறம் ஒப்புதலும் தள்ளிப்போச்சு. சம்பளம் செவ்வாய்க்கிழமை மதியம்தான் வரும். தவணையை அதுக்கு முன்னாடியே எடுத்துடுவாங்க."

வாட்ச்மேன் பெயரை அவள் எடுக்கவில்லை. மேனேஜர் பெயரையும் எடுக்கவில்லை.

மனைவி துடைப்பத்தை வேன் படியில் வைத்தாள். "அப்ப நேத்தே தெரியுமா உனக்கு?"

"தெரியும் அண்ணி."

"இவரு உன் முகத்துக்கு நேரா வந்து கேட்டாரே."

"கேட்டாரு."

ஷெட்டில் யாரோ இரும்பைத் தட்டிக்கொண்டிருந்தார்கள். கொம்பன் வேனைப் பார்த்தார், பிறகு தன் போனைப் பார்த்தார், அணைத்துச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டார்.

அவள் பணத்தை எடுத்து நீட்டினாள். "என் போன்ல பணம் அனுப்பற வசதி இல்ல. ரொக்கமா உங்க பேங்க் மெஷின்ல போட்டா இப்பவே ஏறிடும். லீவுன்னாலும் மெஷின் வேலை செய்யும். சம்பளம் வந்ததும் திருப்பிக் குடுங்க."

அவர் கையை நீட்டவில்லை. மனைவிதான் வாங்கினாள். "ரோஷத்துக்கு இது நேரமில்ல. கிளம்புங்க," என்றாள். அவள் குரலில் சிரிப்பு இல்லை.

மூவரும் வேனிலேயே போனார்கள். குழந்தைகள் உட்காருகிற குட்டையான சீட்டில் சம்பளக்கா முழங்காலை மடக்கி உட்கார்ந்திருந்தாள். முன்சீட்டில் இருந்தவர் திரும்பியே பார்க்கவில்லை. பேங்க் வாசலில் முதல் மெஷின் கெட்டுக் கிடந்தது. இரண்டாவது மெஷின் ஒரு நோட்டைத் துப்பியது. மனைவி அதை வாங்கி, தொடையில் வைத்துத் தேய்த்து நேராக்கி, மறுபடி போட்டாள். ஏற்றுக்கொண்டது. ரசீது வந்தது. அவள் அதை இரண்டு தடவை படித்துவிட்டுக் கணவனிடம் கொடுத்தாள்.

"வீட்ல இறக்கி விடறேன் வாம்மா," என்றாள் மனைவி.

"நடந்துடுவேன் அண்ணி."

செவ்வாய்க்கிழமை வேலைக்குப் போனதும் சம்பளக்கா ஒரு தாளை எடுத்தாள். சம்பளப் பட்டியல் எங்கள் அலுவலகத்தில் தாமதமானதால் மற்ற பேங்க் கணக்குகளுக்கு இன்று மதியம்தான் பணம் வரும், இதனால் யாருக்காவது தவணை திரும்பி அபராதம் விழுந்திருந்தால் என்னிடம் சொல்லவும் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டு ஜன்னலுக்குப் பக்கத்தில் ஒட்டினாள். மேனேஜர் வந்து படித்தார். "அபராதத்தை யாரு கட்டறதாம்?" என்றார்.

"கம்பெனி கட்டணும் சார். இல்லன்னா என் சம்பளத்துல பிடிச்சுக்கங்க."

அவர் உள்ளே போனார். தாளைக் கிழிக்கவில்லை.

மதியம் மீதிப் பேரின் போன்கள் சிணுங்கின. பேக்கிங் பெண், "வேலை பொழைச்சுதுடி!" என்று கத்தினாள். வாட்ச்மேன் வந்து தாளை எழுத்துக்கூட்டிப் படித்தார். பிறகு ஜன்னலுக்குள் பார்த்தார். "அக்கா, லேட்டானது... என் ஓவர்டைமாலயா?"

"இல்ல, வேற ஒண்ணு. போய் கேட்டைப் பாருங்க," என்றாள்.

வேலை முடிகிற நேரத்தில் கொம்பன் வந்தார். காகிதத்தில் சுற்றிய பணத்தை ஜன்னல் பலகையில் வைத்தார்.

"தவணை காலையிலேயே எடுத்துட்டாங்க. திரும்பல."

"நல்லதுண்ணா."

"எண்ணிப் பாத்துக்கங்க."

அவர் இதுவரை அவளிடம் 'ங்க' போட்டுப் பேசியதே இல்லை. அவள் எண்ணாமல் எடுத்து உள்ளே வைத்தாள். அவர் இடுப்பிலிருந்து கையுறையை எடுத்தார். போட்டுக்கொள்ளவில்லை, சும்மா கையில் பிடித்துக்கொண்டு நின்றார்.

"பணம் குடுத்தீங்க, வண்டி தப்பிச்சுது. அதை மறக்க மாட்டேன்," என்றார். "இனிமே லேட்டானா லேட்டுன்னு சொல்லிடுங்க. நாங்க எப்படியாவது பாத்துக்குவோம். வரேன் மேடம்."

ஃபோர்க்லிஃப்ட் உறுமிக் கிளம்பியது. கொம்புகளைத் தாழ்த்திக்கொண்டு பெட்டிகளுக்கு நடுவே போய் மறைந்தது. மேடம் என்று அவளைக் கிடங்கில் வேறு யாரும் கூப்பிடுவதில்லை.